அலஸ்தோட்டம் இன்னும் கிராமம்தானா? எல்லைக் கோட்டை யார் கீறுகிறார்கள்?

அலஸ்தோட்டத்தான் | 2025 ஆகஸ்ட் 3, இரவு

குடிசன மதிப்பீட்டுக் கணக்கில், திருகோணமலையை ஒட்டிய எங்கள் அலஸ்தோட்டம் கிராமம். உப்புவெளியும் கிராமம். சாம்பல்தீவு வரைக்கும் கிராமம்தான். புல்மோட்டை வீதியில் ஓட்டோவில் வந்து பாருங்கள், எந்த இடத்தில் நகரம் முடிந்து கிராமம் தொடங்குகிறது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. கடை, ஹோட்டல், வாடகை அறை, மறுபடி கடை. உள் ஒழுங்கைகளில் பத்துப் பேர்ச், எட்டுப் பேர்ச் காணிகளில் மாடி வீடுகள். வயல் செய்கிறவர் ஒருவரும் என் ஒழுங்கையில் இல்லை.

இந்தியாவில் ஒரு ஊர் இப்படி மாறினால் அதைக் கணக்கெடுப்பு நகரம் என்று தனியாக எழுதிக்கொள்கிறார்களாம். நமக்கு அப்படி ஒன்று இல்லையா? எத்தனை பேர் சேர்ந்தால், எத்தனை கடை வந்தால் நகரம் என்று ஒப்புக்கொள்வார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலாவெளி ரூம்ஸ் | ஆகஸ்ட் 3

ஒப்புக்கொள்ளாமல் இருக்கும்வரை நல்லது என்று இருங்கள். நகரம் என்று எழுதிய அடுத்த நாளே வீட்டுக்கும் காணிக்கும் சோலைவரி வரும். பிரதேச சபையில் இருக்கும்வரை வரி இல்லை, பிளான் பாஸ் தலையிடி இல்லை. நான் இரண்டு அறை கூட்டிக் கட்டியபோது யாரும் வந்து கேட்கவில்லை.

பழைய எழுதுவினைஞர் | ஆகஸ்ட் 4

தம்பி நிலாவெளி, நீங்கள் சொன்னதில் பாதி சரி, பாதி ஆபத்து. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அலஸ்தோட்டத்துத் தம்பிக்குப் பதில்.

எத்தனை பேர் சேர்ந்தால் நகரம் என்று நம் நாட்டில் ஒரு எண் கிடையாது. மாநகர சபையின் அல்லது நகர சபையின் எல்லைக்குள் இருந்தால் நகரம். பிரதேச சபையின் எல்லைக்குள் இருந்தால் கிராமம். தோட்டத்துறை தனி. அவ்வளவுதான் வரைவிலக்கணம். அலஸ்தோட்டமும் உப்புவெளியும் 'பட்டினமும் சூழலும்' என்ற பெயருள்ள பிரதேச சபைக்குள் இருக்கின்றன. ஆகவே பத்து மாடி கட்டினாலும் கிராமம். கந்தளாய்ச் சந்தியில் இரவு பத்து மணிக்கு நின்று பாருங்கள், அதுவும் கிராமம்தான்.

முன்பு இப்படி இருக்கவில்லை. சிறு பட்டினங்களுக்குப் பட்டின சபை என்று ஒரு அடுக்கு இருந்தது. அதில் இருந்தவர்களையும் நகரவாசிகளாகவே எண்ணினார்கள். எண்பதுகளில் அந்த அடுக்கை எடுத்துவிட்டார்கள். பிறகு 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தபோது அந்தப் பட்டினங்கள் சுற்றுக் கிராமங்களோடு சேர்ந்து பிரதேச சபைக்குள் போயின. விளைவு என்ன தெரியுமா? 1981இல் நாட்டில் 21.5 வீதம் பேர் நகரத்தில் இருந்தார்கள். 2012இல் 18.2 வீதம். முப்பது வருடத்தில் நகரம் சுருங்கிய நாடு நாம். காகிதத்தில்.

அலஸ்தோட்டத்தான் | ஆகஸ்ட் 4, பின்னேரம்

ஐயா, நன்றி சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை, அடுத்த கேள்விக்கே வருகிறேன். இப்போது திருகோணமலை மாநகர சபை ஆகிவிட்டதே. மே மாதத் தேர்தலும் மாநகர சபைக்குத்தான் நடந்தது. அதனால் எங்கள் பக்கம் தானாக உள்ளே போகாதா?

பழைய எழுதுவினைஞர் | ஆகஸ்ட் 4

போகாது. தரம் உயர்வது வேறு, எல்லை நகர்வது வேறு. நகர சபை மாநகர சபையானால் தவிசாளர் இருந்த இடத்தில் முதல்வர் இருப்பார், செயலாளர் இருந்த இடத்தில் ஆணையாளர் இருப்பார், 1939ஆம் ஆண்டின் நகர சபைகள் கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாக 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் பொருந்தும். உங்கள் ஒழுங்கை உள்ளே போக வேண்டுமென்றால் அமைச்சர் வர்த்தமானியில் எல்லையை மாற்றிப் பிரசுரிக்க வேண்டும். அதே மே மாதத்தில் நீங்கள் வாக்களித்தது எந்தச் சபைக்கு? வாக்குச்சீட்டை நினைத்துப் பாருங்கள்.

அலஸ்தோட்டத்தான் | ஆகஸ்ட் 4

பிரதேச சபைக்கு. சரி.

பாலையூற்று அம்மா | ஆகஸ்ட் 5

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். மகள் அடுத்த வருடம் ஏ.எல். எடுக்கிறாள். நாங்கள் நகரம் என்று எழுதப்பட்டால் பின்தங்கிய பிரதேசச் சலுகை போய்விடுமா? வெட்டுப்புள்ளி கூடுமா? பக்கத்து வீட்டில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

பழைய எழுதுவினைஞர் | ஆகஸ்ட் 5

அம்மா, கவலை வேண்டாம். பல்கலைக்கழக அனுமதி மாவட்டக் கணக்கு. திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட ஒதுக்கீடு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம். திருகோணமலை முழு மாவட்டமுமே அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. கோட்டை வாசலில் இருந்தாலும் வெருகலில் இருந்தாலும் பிள்ளைக்கு ஒரே வெட்டுப்புள்ளி. சபை மாறினாலும் மாவட்டம் மாறாது.

அலஸ்தோட்டத்தான் | ஆகஸ்ட் 5

இதே பயம் என் ஒழுங்கையிலும் இருக்கிறது. அஸ்வெசும உதவிப்பணம் வெட்டப்படும் என்கிறார்கள், கிராம சேவகர் மாறுவார் என்கிறார்கள். கிராம சேவகரும் பிரதேச செயலகமும் மத்திய அரசின் நிர்வாகம், சபை அதற்குப் பக்கத்தில் ஓடும் இன்னொரு தண்டவாளம். பட்டினமும் சூழலும் பிரதேச செயலகப் பிரிவுக்குள் மாநகர சபைப் பகுதியும் இருக்கிறது, பிரதேச சபைப் பகுதியும் இருக்கிறது. என் மாமா கோணேசர் கோவில் பக்கம். நான் அலஸ்தோட்டம். இருவரும் பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் ஒரே செயலகத்துக்குத்தான் போகிறோம். குப்பைக்கு மட்டும் ஆளுக்கொரு சபை.

மின்சாரமும் அப்படியே, குழாய்த் தண்ணீரும் அப்படியே. இரண்டும் சபையிடம் இல்லை.

திருச்சி வாசல் | ஆகஸ்ட் 6

நான் இப்போது இருப்பது திருச்சிக்கு வெளியே. இந்தியக் கதை என்னிடம் கேளுங்கள். ஐயாயிரம் பேர் இருக்க வேண்டும், சதுரக் கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி இருக்க வேண்டும், வேலை செய்கிற ஆண்களில் நூற்றுக்கு 75 பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் கணக்கெடுப்புத் துறை அதை நகரமாக எழுதிவிடும். 2001இல் அப்படி 1,360க்கு மேல் இருந்தன, 2011இல் 3,890ஐத் தாண்டிவிட்டன.

ஆனால் அண்ணன், இதில் ஒரு வேடிக்கை. எழுதுவதோடு சரி. ஊராட்சித் தலைவர் அப்படியே இருப்பார், ஊராட்சி அலுவலகம் அப்படியே இருக்கும், வீட்டு வரியும் ஊராட்சிக்குத்தான். கணக்கில் நகரம், ஆட்சியில் கிராமம். உண்மையிலேயே ஊராட்சியை நகராட்சியோடு இணைக்கப் போகிறோம் என்று அரசு சொன்னால்தான் சனம் வீதிக்கு வரும். இந்த வருடத் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பல ஊர்களில் அப்படி மறியல் நடந்தது. நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்பதுதான் முதல் பேச்சு.

அலஸ்தோட்டத்தான் | ஆகஸ்ட் 6, இரவு

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். அங்கே எண்ணுகிறவரும் ஆளுகிறவரும் தனித்தனி. எண்ணுகிறவர் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டுப் போகிறார், ஆட்சி பின்தங்கி நிற்கிறது. இங்கே எண்ணுகிறவர் ஆளுகிறவரின் எல்லைக் கோட்டையே கடன் வாங்குகிறார். அதனால் ஆட்சி பின்தங்கினால் எண்ணிக்கையும் கூடவே பின்தங்கிவிடுகிறது. ஊர் மாறியது எந்த ஏட்டிலும் தெரியாது.

அந்த மூன்று அளவையும் அலஸ்தோட்டத்துக்குப் போட்டுப் பார்த்தால் நாங்கள் என்றோ நகரம். ஆனால் அந்த 75 வீதக் கணக்கு நமக்கு முழுதாகப் பொருந்துமா என்று சந்தேகம். சாம்பல்தீவில் கரைவலைக்காரர் இருக்கிறார்கள். இந்தியக் கணக்கெடுப்பில் மீன்பிடியை எந்தப் பக்கம் போடுவார்கள்? அலை பெரிதான மாதங்களில் அதே ஆள் ஹோட்டலில் வேலை செய்கிறார்.

பழைய எழுதுவினைஞர் | ஆகஸ்ட் 7

இங்கேயும் அளவு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கொழும்பில் உள்ள கொள்கை ஆய்வு நிறுவனத்தில் 2016 வாக்கில் ஒரு ஆய்வு செய்தார்கள். கிராம சேவகர் பிரிவு பிரிவாக எடுத்து, ஆகக் குறைந்தது 750 பேர், சதுரக் கிலோமீட்டருக்கு 500 பேருக்கு மேல், அதோடு விறகு எரிக்கும் வீடுகளும் கிணற்றுத் தண்ணீரை நம்பும் வீடுகளும் 95 வீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். அப்படிப் பார்த்தால் 2012இலேயே நாட்டில் 43 வீதத்துக்கு மேல் நகரம். அரசாங்கக் கணக்கு 18 சொன்ன அதே வருடம்.

எனக்கு அதில் பிடித்தது விறகும் கிணறும். ஆள் எண்ணிக்கையை விட அடுப்படி நிறையச் சொல்லும்.

கந்தளாயான் | ஆகஸ்ட் 7

18 என்றால் என்ன, 43 என்றால் என்ன? எங்கள் பஸ் நிலையத்தில் மலசலகூடத்துக்குத் தண்ணீர் வருமா, அதைச் சொல்லுங்கள்.

அலஸ்தோட்டத்தான் | ஆகஸ்ட் 7

வித்தியாசம் இருக்கிறது. வறுமைக் கணக்கைப் பாருங்கள். 2019இல் வீட்டு வருமான ஆய்வில் நகரத்தில் 6 வீதம் வறியவர், கிராமத்தில் 15, தோட்டத்தில் 33.8. அந்தக் கிராமத்தின் 15இல் கந்தளாய்ச் சந்தியில் மூன்று கடை வைத்திருப்பவரும் ஒருவர், கோமரங்கடவலையில் யானைக்குப் பயந்து சேனை காக்கிறவரும் ஒருவர். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இருவரையும் பற்றி ஒன்றும் தெரியாது. கோமரங்கடவலைக்காரரின் கஷ்டம் உங்கள் கடைகளுக்குள் கரைந்துவிடுகிறது.

மலசலகூடம் பற்றி நீங்கள் சொன்னது நியாயம்.

கிண்ணியாக்காரன் | ஆகஸ்ட் 8

நாங்கள் இதை அனுபவித்தவர்கள், ஆகவே சொல்கிறேன். 2006இல் கிண்ணியாவுக்கு நகர சபை வந்தது. அதுவரை முழுக்கப் பிரதேச சபை. இரவில் படுத்தபோது கிராமத்தான், காலையில் எழும்பும்போது நகரத்தான். ஊரில் ஒரு செங்கல் கூட நகரவில்லை. 2012 கணக்கெடுப்பில் திருகோணமலை மாவட்டத்தின் நகர சனத்தொகை என்று காட்டியது திருகோணமலை நகர சபையையும் எங்களையும் மட்டும்தான். மாவட்டத்தில் கால்வாசிக்கும் குறைவு.

ஆனால் கவனிக்க வேண்டியது மற்றப் பாதி. சந்தையும் கடைத்தெருவும் நகர சபைக்குப் போயின. வயலும் குளமும் தூரத்து ஊர்களும் கிண்ணியா பிரதேச சபையோடு நின்றன. வருமானம் வரும் இடம் ஒரு சபைக்கு, நீண்ட ரோடு மற்றச் சபைக்கு. என் உம்மாவின் ஊர் அந்தப் பக்கம். நகரம் எப்படி வளர்ந்தது என்று எல்லாரும் கேட்பார்கள், வெட்டி எடுத்த பிறகு மிச்சம் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

அலஸ்தோட்டத்தான் | ஆகஸ்ட் 9

கிண்ணியா அண்ணன் சொன்னது நான் எதிர்பார்க்காத பக்கம். இதுவரை நான் எங்களைச் சேர்க்கிறார்களா இல்லையா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். உப்புவெளியையும் அலஸ்தோட்டத்தையும் மாநகர சபை எடுத்துக்கொண்டால் பட்டினமும் சூழலும் பிரதேச சபையில் மிஞ்சுவது என்ன? ஹோட்டல் வருமானம் இல்லாத உள் ஊர்கள். அவர்களுக்கு யார் குப்பை வண்டி வாங்கிக் கொடுப்பார்கள்?

பழைய எழுதுவினைஞர் | ஆகஸ்ட் 10

இப்போது சோலைவரிக்கு வருகிறேன். நான் இருபது வருடத்துக்கு மேல் இந்த ஏடுகளோடு இருந்தவன், ஆகவே கொஞ்சம் நீளும்.

பிரதேச சபை என்றால் சோலைவரி இல்லை என்பது தவறு. மாநகர சபைக்கும் நகர சபைக்கும் தன் எல்லை முழுவதும் சோலைவரி போட அதிகாரம் உண்டு. பிரதேச சபை அப்படிச் செய்ய முடியாது. ஆனால் தன் எல்லைக்குள் கட்டடங்கள் நெருங்கிய ஒரு பகுதியைக் கோடு போட்டுக் காட்டி, அதைப் பிரகடனப்படுத்துவித்து, அதற்குள் மட்டும் சோலைவரி அறவிடலாம். அந்தக் கோட்டுக்கு வெளியே பெரிய பயிர்க் காணிகளுக்கு ஏக்கர் வரிதான். மாகாண சபைகளில் அமைச்சர் இருந்தபோது அனுமதி அவரிடம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்துவிட்டது, இன்றுவரை தேர்தல் இல்லை, அந்த அதிகாரம் இப்போது ஆளுநரிடம்.

ஆகவே நிலாவெளித் தம்பி, உங்களுக்கு வரித் துண்டு வரவில்லையென்றால் காரணம் நீங்கள் கிராமம் என்பதல்ல. உங்கள் காணி அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது, அல்லது உள்ளே இருந்தும் மதிப்பீடு செய்து முடிக்கவில்லை. இரண்டாவது என்றால் ஒரு நாள் வரும்.

எவ்வளவு வரும் என்று பயப்படுகிறீர்களே, ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடியதை வைத்து, திருத்த வேலைக்குக் கழித்து, வருடாந்தப் பெறுமதி போடுவார்கள். அது 120,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். சபை 5 வீதம் அறவிடுகிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 6,000, காலாண்டுக்கு 1,500. ஜனவரி 31க்கு முன் முழுவதும் கட்டினால் 10 வீதக் கழிவு, 5,400 ரூபாவோடு முடிந்தது. மாதம் 450 ரூபா. இதற்காகவா நகரம் வேண்டாம் என்கிறீர்கள்?

நிலாவெளி ரூம்ஸ் | ஆகஸ்ட் 10

ஐயா வீட்டுக்குக் கணக்குப் போட்டீர்கள். அறை வாடகைக்கு விடுகிற இடத்துக்குப் போடுங்கள் பார்ப்போம். வியாபாரத்துக்கு வீதம் கூடத்தானே? அதோடு அனுமதிப்பத்திரம், அறை வரி, குப்பைக்குத் தனிக் காசு.

பழைய எழுதுவினைஞர் | ஆகஸ்ட் 10

வியாபாரத்துக்குக் கூடுதலாகப் போடலாம், உண்மை. ஆனால் வியாபார அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச சபையும் கேட்கலாம், இப்போதே. கேட்கவில்லை என்பது சலுகை அல்ல, ஆள் பற்றாக்குறை.

அலஸ்தோட்டத்தான் | ஆகஸ்ட் 11

என் பக்கத்துக் காணி விலைப்பட்ட கதையை இங்கே போட வேண்டும் என்று நினைத்தேன். விலையைச் சொல்ல மாட்டேன், 60 லட்சம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். உறுதி எழுதும்போது முத்திரைத் தீர்வை முதல் லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 3,000, அதோடு 236,000. மொத்தம் 239,000 ரூபா. இந்தக் காசை மாகாண இறைவரித் திணைக்களம் வாங்குகிறது, பிறகு காணி எந்தச் சபையில் இருக்கிறதோ அந்தச் சபைக்குப் போக வேண்டும்.

ஐயா சொன்ன 5,400ஐ இதோடு வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு காணி கைமாறினால் சபைக்கு வருவது ஒரு வீட்டின் நாற்பது வருடச் சோலைவரிக்கும் மேல். இப்படியிருந்தால் சபைக்கு எதில் ஆசை இருக்கும்? வரி ஏடு எழுதுவதிலா, காணி துண்டாடுவதிலா? எங்கள் பக்கம் தென்னந்தோப்புகள் பத்துப் பேர்ச்களாக வெட்டப்பட்ட வேகத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

பழைய எழுதுவினைஞர் | ஆகஸ்ட் 11

அந்தப் பணம் உடனே வராது தம்பி. மாகாணத்தில் தேங்கித் தேங்கித்தான் வரும். சபையில் இருந்தபோது அதை எதிர்பார்த்து வரவு செலவுத் திட்டம் போட்டு ஏமாந்திருக்கிறோம். ஆனால் நீங்கள் பிடித்த இடம் சரி. எல்லை மாற்றத்தை எந்தச் சபையும் இலேசில் விடாததற்கு இதுவும் காரணம். காணி விற்பனை எங்கே கூடுதலோ அந்தத் துண்டு யாருக்கு என்பதுதான் சண்டை.

கந்தளாயான் | ஆகஸ்ட் 11

இதுவும் காரணம்தான், ஆனால் பெரிய காரணத்தை எல்லாரும் சுற்றிச் சுற்றி நடக்கிறீர்கள். திருகோணமலையில் எந்தச் சபையின் கோட்டை அரை மைல் நகர்த்தினாலும் எந்த வட்டாரத்தில் யார் கூடுதல் என்ற கணக்கு மாறும். மூவின மக்களும் கலந்து இருக்கிற இடம். அதைத் தொடப் பயந்துதான் இப்படிக் கிடக்கிறது.

கிண்ணியாக்காரன் | ஆகஸ்ட் 12

பயந்தும் கிடக்கிறது, வேண்டுமென்றும் கிடக்கிறது. ஒவ்வொரு பக்கமும் தனக்கு ஏற்ற வரைபடம் வைத்திருக்கிறது. இதை இங்கே பேசித் தீர்க்க முடியாது, விடுங்கள்.

அலஸ்தோட்டத்தான் | ஆகஸ்ட் 12

விடுகிறேன். ஆனால் கோடு எங்கே இருந்தாலும் நிலத்துக்குக் கீழே நடப்பது நிற்காது, அதைப் பற்றி எழுத வேண்டும்.

பத்துப் பேர்ச் என்றால் 253 சதுர மீட்டர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 16 மீட்டர் கூட இல்லை. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 15 மீட்டர், அதாவது ஐம்பது அடி, விட வேண்டும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த விதி. இப்போது காணியில் வைத்துப் பாருங்கள். கிணற்றை ஒரு மூலையில் தோண்டி, குழியை எதிர் மூலையில் போட்டால் உங்கள் காணிக்குள் விதி சரி. ஆனால் உங்கள் குழி இருக்கும் மூலையில்தான் அடுத்த வீட்டுக்காரர் தன் கிணற்றைத் தோண்டியிருக்கிறார். அவர் விதியும் அவர் காணிக்குள் சரி. வரிசையாக எட்டுக் காணி இப்படி இருந்தால் எல்லாரிடமும் பிளான் சரியாக இருக்கும், எல்லார் கிணறும் கெட்டிருக்கும். எங்கள் பக்கம் கடற்கரை மணல், தண்ணீர் வேகமாக இறங்கும், குழியில் உள்ளதும் வேகமாக இறங்கும்.

அரை ஏக்கர்த் தோப்பில் இரண்டு வீடு இருந்தபோது இது ஒரு பிரச்சினையே இல்லை. என் அப்பாவின் கிணற்றுத் தண்ணீரை நாங்கள் அப்படியே குடித்தோம். இப்போது அதே கிணற்றை உடுப்புத் துவைக்க மட்டும் வைத்திருக்கிறோம். குழாய்த் தண்ணீர் வந்ததால் குடிக்கத் தப்பினோம், ஆனால் குழி நிரம்பினால் அதை உறிஞ்சி எடுக்கும் கலி பவுசருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வருகிற பவுசர் எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை.

ஒரு இடம் நகரமாகிவிட்டது என்பதை எனக்குக் காட்டியது கடைகள் அல்ல, இதுதான். தன் காணிக்குள் தன் கழிவைத் தானே முடித்துக்கொள்ள முடியாத நிலை வந்துவிட்டால் அங்கே பொதுக் குழாயோ பொதுப் பவுசரோ தேவை. அதைச் செய்ய ஒரு சபைக்கு ஆளும் காசும் வேண்டும். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 தேர்தல் வரை செயலாளர்களே நடத்தினார்கள். அந்த இரண்டு வருடத்தில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் எத்தனை புதிய குழி என்று எண்ணவே மனமில்லை.

நிலாவெளி ரூம்ஸ் | ஆகஸ்ட் 13

என்னுடைய இரண்டு அறையும் அதில் சேர்த்தியா? நேராகவே சொல்லுங்கள்.

அலஸ்தோட்டத்தான் | ஆகஸ்ட் 13

நீங்கள் குச்சவெளிப் பிரதேச சபை, தப்பித்தீர்கள்.

பழைய எழுதுவினைஞர் | ஆகஸ்ட் 13

தப்பவில்லை. நான் ஆபத்து என்று சொன்னது இதைத்தான். கட்டட அனுமதிக்கு சபை கிராமமா நகரமா என்பது ஒரு பொருட்டே அல்ல. 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அமைச்சர் எந்த இடத்தையும் நகர அபிவிருத்திப் பிரதேசம் என்று வர்த்தமானியில் அறிவிக்கலாம், அது பிரதேச சபைக்குள் இருந்தாலும் சரி. அறிவித்த இடத்தில் அனுமதி இல்லாமல் கட்டக்கூடாது. ஆறு பேர்ச்சுக்குக் குறைந்த துண்டுக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம். ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடினால் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் தேவைக்கு விட வேண்டும். அதற்கு மேல், கடலில் இருந்து 300 மீட்டருக்குள் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். கடற்கரை அறைகள் எல்லாம் அதற்குள்தான்.

இத்தனை கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. குடிசன மதிப்பீடு பார்ப்பது சபையின் கோட்டை மட்டும். உங்கள் சட்டைப் பையைத் தொடுவது மற்றவை.

நிலாவெளி ரூம்ஸ் | ஆகஸ்ட் 14

யாரும் வந்து கேட்கவில்லை என்று நான் மேலே எழுதியதை யாராவது அழிக்க முடியுமா?

கந்தளாயான் | ஆகஸ்ட் 14

ஸ்கிரீன்ஷாட் எடுத்தாகிவிட்டது.

பாலையூற்று அம்மா | ஆகஸ்ட் 16

இன்னொரு கேள்வி. தம்பி வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிறான், சாம்பல்தீவுப் பக்கம் பன்னிரண்டு பேர்ச் ஒன்று பார்க்கிறோம். தரகர் இது கிராமம், ஒரு வரியும் இல்லை, பிளானும் பிறகு பார்க்கலாம் என்கிறார். இதையெல்லாம் படித்த பிறகு பயமாக இருக்கிறது. என்ன கேட்க வேண்டும்?

பழைய எழுதுவினைஞர் | ஆகஸ்ட் 16

அம்மா, தரகரிடம் ஒன்றும் கேட்காதீர்கள். பிரதேச சபைக்குப் போய் வீதிக்கோட்டுச் சான்றிதழும், காணி சபையால் சுவீகரிக்கப்படவில்லை என்ற சான்றிதழும் கேளுங்கள். நில அளவைப் படத்தின் பிரதி கொண்டு போங்கள். பெரிய தோப்பில் இருந்து வெட்டிய துண்டு என்றால் அந்தப் பிரிப்புப் படத்தில் சபையின் அங்கீகார முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இல்லாத துண்டை நொத்தாரிசு உறுதி எழுதித் தருவார், ஆனால் வீடு கட்டப் போகும்போது சபை பிளான் வாங்காது. பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

அலஸ்தோட்டத்தான் | ஆகஸ்ட் 17

அக்கா, அதோடு பக்கத்துக் காணிகளின் கிணறும் குழியும் எந்த மூலையில் இருக்கின்றன என்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். பன்னிரண்டு பேர்ச் என்றால் கொஞ்சம் இடம் இருக்கிறது, ஆனால் நீங்கள் கடைசியாகக் கட்டுகிறவர் என்றால் மிஞ்சிய மூலைதான் உங்களுக்கு.

எனக்காக நான் செய்யப் போவது வேறு. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அதிகாரிக்கு எழுதப் போகிறேன். அலஸ்தோட்டத்தில் எந்தப் பகுதி கட்டடங்கள் நெருங்கிய இடமாகப் பிரகடனம் செய்யப்பட்டிருக்கிறது, வர்த்தமானி இலக்கம் என்ன, வரைபடத்தின் பிரதி வேண்டும். பதினான்கு வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

பழைய எழுதுவினைஞர் | ஆகஸ்ட் 17

முத்திரைத் தீர்வையில் சபைக்கு வர வேண்டியது எவ்வளவு, வந்து சேர்ந்தது எவ்வளவு என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள் தம்பி. வருடம் வருடமாகப் பிரித்துக் கேளுங்கள், இல்லையென்றால் ஒரே தொகையாகத் தருவார்கள்.

கிண்ணியாக்காரன் | ஆகஸ்ட் 18

கடிதத்தின் மாதிரியை இங்கே போடுங்கள். கிண்ணியா பிரதேச சபைக்கும் நான் ஒன்று அனுப்புகிறேன்.